நெற்றியில் அரிக்கும் சிறு பொரிகள்: பூஞ்சைப் பரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெற்றி முழுவதும் கடுகளவில் பொரிப்பொரியாக வந்திருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, அரிக்கவும் செய்கின்றன. முகப்பருதானா?

நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது பருவை அல்ல, பூஞ்சையை. மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை மயிர்க்கால்களுக்குள் அளவுக்கு மீறிப் பெருகும்போது அங்கே அழற்சி ஏற்பட்டு இப்படிப் பொரிகள் எழும்பும். மருத்துவர்கள் இதை மலாசீசியா ஃபாலிகுலைட்டிஸ் என்று எழுதுவார்கள். பழைய சீட்டுகளில் பிட்டிரோஸ்போரம் ஃபாலிகுலைட்டிஸ் என்று இருந்தால் அதுவும் இதுதான். 'பூஞ்சைப் பரு' என்பது மக்கள் வழக்கில் வந்த பெயர்.

இந்த ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது அல்ல. நம் எல்லோருடைய தோலிலும், குறிப்பாக எண்ணெய் சுரக்கும் நெற்றி, தலை, மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில், பருவ வயதிலிருந்து பெருமளவில் குடியிருக்கிறது. மார்பிலும் முதுகிலும் தேமல் வருவதற்குக் காரணமும் இதே இனம்தான். பொடுகிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. எனவே நெற்றியைக் காட்ட வருபவரிடம் முதுகில் தேமல் இருக்கிறதா, தலையில் பொடுகு உண்டா என்றும் கேட்பேன். இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சாதாரணப் பருவிலிருந்து இதை வீட்டிலேயே பிரித்தறிய முடியுமா?

ஓரளவு முடியும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பொரிகளின் மேடு தெளிவாகத் தெரியும்.

சாதாரணப் பரு ஒரே உருவத்தில் இருப்பதில்லை. ஓரிடத்தில் கரும்புள்ளி, பக்கத்தில் தோல் நிறத்திலேயே அடைத்த துளை, இன்னோரிடத்தில் சிவந்த பரு, தாடையில் வலிக்கும் கட்டி என்று பல பருவங்களில் கலந்து இருக்கும். பூஞ்சைப் பருவில் ஒவ்வொரு பொரியும் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில், அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். சிலவற்றின் முனையில் மட்டும் துளி சீழ் தெரியும். கரும்புள்ளியும் அடைத்த துளையும் இருக்காது. மற்ற எல்லாவற்றையும்விட நான் நம்பும் அடையாளம் இந்த இல்லாமைதான்.

அடுத்தது அரிப்பு. பரு வலிக்கும், தொட்டால் நோகும். நாள் முழுவதும் அரிப்பது அரிது. பூஞ்சைப் பரு வியர்த்தபின், வெயிலில் நடந்தபின், ஹெல்மெட்டைக் கழற்றியபின் நமநமவென்று அரிக்கும். எல்லோருக்கும் அரிக்கும் என்று சொல்ல முடியாது. அரிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்துப் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இடத்தையும் பாருங்கள். முடி தொடங்கும் கோட்டை ஒட்டிய நெற்றி, கன்னப்பொறி, முகத்தின் ஓரங்கள், சில நேரம் முகவாய், பிறகு மார்பு, தோள், மேல்முதுகு. கன்னத்தின் நடுவிலும் மூக்கிலும் மட்டும் இருந்து நெற்றி சுத்தமாக இருந்தால் வேறு காரணத்தைத் தேடுவது நல்லது.

வெயில் காலத்தில் வருகிறதே, வேர்க்குருவாக இருக்கலாமா?

இருக்கலாம். வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது. மயிர்க்காலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மின்விசிறி, குளிர்ந்த அறை, தளர்ந்த பருத்தித் துணி ஆகியவை கிடைத்தால் சில நாள்களில் அடங்கிவிடும். குளிர்ந்த இடத்தில் இருந்தும் வாரக்கணக்கில் அப்படியே நிற்கிற பொரி வேர்க்குரு அல்ல.

என் மகளுக்கு 19 வயது. கன்னத்தில் இருந்த பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும் கிளிண்டமைசின் ஜெல்லும் கொடுத்தார்கள். கன்னம் நன்றாகிவிட்டது. ஆனால் ஆறாவது வாரத்திலிருந்து நெற்றியிலும் முதுகிலும் புதிதாகப் பொரிப்பொரியாக வந்து அரிக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

மருந்து வேலை செய்திருக்கிறது, கன்னமே அதற்குச் சான்று. புதிதாக வந்திருப்பது வேறு நோய். அதற்கு இடம் கொடுத்ததும் அதே மருந்தாக இருக்க வாய்ப்பு மிகுதி.

டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், அசித்ரோமைசின், கிளிண்டமைசின் எல்லாம் பாக்டீரியாவுக்கு எதிரானவை. ஈஸ்ட் பாக்டீரியா அல்ல. இந்த மருந்துகள் அதைத் தொடுவதில்லை. மயிர்க்காலுக்குள் இரண்டும் ஒரே எண்ணெயை நம்பி, ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்து வாழ்கின்றன. ஒரு தரப்பை மட்டும் வாரக்கணக்கில் மருந்தால் குறைத்தால் மற்றது பெருகும். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பரு போன்ற இந்தப் பொரிகள் வருவதை மருத்துவர்கள் 1969லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் 'பரு கூடிவிட்டது' என்று நினைத்து மாத்திரையை இன்னும் இரண்டு மாதம் நீட்டுவதும், மேலும் வலுவான ஆன்டிபயாடிக்குக்கு மாற்றுவதும் இன்றும் நடக்கிறது. பொரிகள் அதனால் இன்னும் பரவும்.

உங்கள் மகள் போன்ற ஒருவரை நேரில் பார்த்தால் நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். கன்னத்தையும் நெற்றியையும் தனித்தனியாகப் பார்ப்பேன். கன்னத்தில் மிஞ்சிய கரும்புள்ளிகள் இருந்து, நெற்றியிலும் முதுகிலும் கரும்புள்ளியே இல்லாத ஒரே அளவுப் பொரிகள் இருந்தால் இரண்டு நோய்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன என்று பொருள். தலையில் பொடுகு இருக்கிறதா என்று பார்ப்பேன். நெற்றியிலிருந்து ஒரு பொரியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைப்பேன். பூஞ்சை உறுதியானால் டாக்சிசைக்ளினையும் கிளிண்டமைசின் ஜெல்லையும் நிறுத்தச் சொல்வேன். கன்னத்துக்கு இரவில் பருவுக்குப் பூசும் அடாபலீன் மட்டும் போதும். அதில் ஆன்டிபயாடிக் இல்லை. நெற்றிக்கும் தலைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு. முதுகிலும் பரவியிருப்பதால் வாய்வழிப் பூஞ்சை மருந்தும் தேவைப்படலாம்.

சரியான மருந்து கிடைத்தால் முதலில் குறைவது அரிப்புதான், பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத்திலேயே. பொரிகள் தட்டையாக மூன்று நான்கு வாரம் ஆகும். இடையில் கன்னத்தில் பழைய பரு கொஞ்சம் தலைகாட்டினால் திரும்ப ஆன்டிபயாடிக்குக்கு ஓட வேண்டாம். அடாபலீனோடு பென்சாயில் பெராக்சைடு சேர்த்தே பெரும்பாலும் சமாளிக்கலாம். டாக்சிசைக்ளினை எழுதித் தந்த மருத்துவரிடம் நெற்றியைக் காட்டிவிட்டே மாத்திரையை நிறுத்துங்கள். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு மூக்கையும் வாயையும் சுற்றிச் சீழ்ப் பொரிகள் வரும் வேறொரு பாக்டீரியா நோயும் உண்டு. அதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு.

பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம், பருவுக்கான ஃபேஸ்வாஷ் இவையும் கெடுதலா?

இவை ஆன்டிபயாடிக் போல ஈஸ்டை வளர்ப்பதில்லை. சாலிசிலிக் அமிலம் மயிர்க்கால் வாயில் சேரும் செதிலை நீக்குவதால் சிறிது துணையாகவும் இருக்கும். பென்சாயில் பெராக்சைடு பெரிய பலன் தராது. அடாபலீனும் இந்த ஈஸ்டுக்கான மருந்தல்ல, ஆனால் தடையும் அல்ல.

சிக்கல் அவை பயன்படும் விதத்தில் இருக்கிறது. பொரி போகவில்லையே என்று காலையில் பென்சாயில் பெராக்சைடு, மாலையில் அமிலம், நடுவில் மூன்று முறை நுரை பொங்கும் ஃபேஸ்வாஷ், வாரம் இருமுறை ஸ்க்ரப் என்று அடுக்குகிறார்கள். தோல் வறண்டு, எரிந்து, சிவக்கிறது. வறட்சிக்குக் கனமான கிரீம் பூசுகிறார்கள். அந்தக் கிரீமின் எண்ணெய் ஈஸ்டுக்கு உணவாகிறது, அதன் படலத்துக்குள் வியர்வையும் தங்கிவிடுகிறது. ஒரு பொருளும் தனியாகப் பெரிய குற்றவாளி அல்ல. சங்கிலிதான் நெற்றியைக் கெடுக்கிறது. ஸ்க்ரப்பை மட்டும் நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. மயிர்க்காலுக்குள் இருக்கும் அழற்சியை மேலே தேய்த்து எடுக்க முடியாது.

மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். இரண்டே நாளில் அடங்கியது. விட்டவுடன் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. ஏன்?

குழாயின் பின்புறத்தில் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் ஓரிரு நாளில் அடக்கும், அதனால்தான் அற்புத மருந்தாகத் தெரிகிறது. அதே வேளையில் தோலின் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தி, ஈஸ்ட் தடையின்றிப் பெருக வழிவிடுகிறது. நிறுத்தியதும் அடங்கியிருந்த அழற்சி கூடுதலான ஈஸ்டோடு திரும்பி வருகிறது.

நம் ஊர்க் கடைகளில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த கிரீம்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பூஞ்சை மருந்தின் பெயர் முன்னால் இருப்பதால் பலர் நம்பி வாங்குகிறார்கள். முகம் வெளுக்க என்று பூசும் கலவைக் கிரீம்களிலும் ஸ்டீராய்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும் நிலைக்கு வரும். ஸ்டீராய்டு தானே, பூஞ்சை இல்லாமலும், ஒரே அளவுப் பொரிகளை உண்டாக்கும் என்பதால் இரண்டையும் பிரிப்பது மருத்துவருக்கே சிரமம். பல மாதம் பூசியவர்கள் தாங்களாகச் சட்டென நிறுத்தாமல் தோல் மருத்துவரின் கண்காணிப்பில் விடுவது நல்லது.

தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன். அதற்கும் நெற்றிப் பொரிக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் எந்த எண்ணெயை விட வேண்டும், எதை வைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பெரும்பாலான உயிர்கள் கொழுப்பு அமிலங்களைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மலாசீசியாவுக்கு அந்தத் திறன் இல்லை. வெளியிலிருந்து கொழுப்பு கிடைத்தால்தான் அது வாழும். ஆய்வகத்தில் இதை வளர்க்க விரும்புபவர்கள் வளர்ப்புத் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றி வளர்த்த முறை பல காலம் இருந்தது. சுமார் 11 முதல் 24 கார்பன் அணுக்கள் நீளமுள்ள கொழுப்பு அமிலங்களே அதற்கு ஏற்றவை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் நீளம் 12. நல்லெண்ணெயிலும் ஆமணக்கெண்ணெயிலும் உள்ளவை பெரும்பாலும் 18. மூன்றுமே அந்த வரம்புக்குள் வருகின்றன.

ஆய்வகத் தட்டில் நடப்பது அப்படியே உங்கள் நெற்றியில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நம் தோலே போதிய எண்ணெயைச் சுரக்கிறது. பலர் வாழ்நாள் முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்தும் ஒரு பொரி வராமல் இருக்கிறார்கள். ஏற்கெனவே பொரி உள்ளவர், எண்ணெய் தடவி, வியர்த்து, அது வழிந்து நெற்றியில் நின்று, மேலே ஹெல்மெட்டும் போட்டால் நிலைமை வேறு. சிகிச்சை நடக்கும் நான்கைந்து வாரம் மட்டும் எண்ணெயை நிறுத்திப் பாருங்கள். விட மனமில்லையென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியின் நுனிப் பகுதியில் மட்டும் தடவி அலசிவிடுங்கள். இரவெல்லாம் எண்ணெயோடு தூங்கினால் தலையணை உறை வழியாக நெற்றிக்கும் முகத்துக்கும் எண்ணெய் வரும்.

முகத்துக்கு ஈரப்பதக் கிரீம் தேவையென்றால் கிளிசரின், யூரியா, ஸ்குவாலேன், மினரல் ஆயில் இவற்றை அடிப்படையாகக் கொண்ட இலேசானவற்றைத் தேர்ந்தெடுங்கள். இவற்றில் அந்த ஈஸ்ட் பயன்படுத்தும் கொழுப்பு அமிலம் இல்லை. இணையத்தில் சுற்றும் நீண்ட தடைப் பட்டியல்களை ஒவ்வொரு குப்பியோடும் ஒப்பிட்டு மன அமைதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தாவர எண்ணெய் மிகுந்த கனத்த கிரீமை விட்டாலே பெரும்பகுதி முடிந்தது.

பரிசோதனை ஏதாவது உண்டா, பார்த்தே சொல்லிவிடுவார்களா?

எளிய பரிசோதனை உண்டு. ஒரு பொரியின் மேற்பகுதியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டு விட்ட உருண்டை ஈஸ்ட்கள் கூட்டமாகத் தெரியும். சிலர் வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் மயிர்க்கால்கள் மஞ்சள் பச்சையாக ஒளிர்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஈஸ்ட் எல்லோரிடமும் இருப்பதால் ஒன்றிரண்டு தெரிவதில் பொருளில்லை. எண்ணிக்கையையும் தோலின் தோற்றத்தையும் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும். சாதாரண வளர்ப்புச் சோதனையில் எண்ணெய் சேர்க்காவிட்டால் இது வளராது, எனவே 'பூஞ்சை வளரவில்லை' என்ற அறிக்கை நோயை மறுத்துவிடாது. தோற்றம் தெளிவாக இருந்தால் பூஞ்சை மருந்தைக் கொடுத்து, அதற்கு இணங்குகிறதா என்று பார்ப்பதும் வழக்கமே.

பொடுகு ஷாம்புவை நெற்றியில் போடலாம் என்கிறார்கள். எப்படிப் போடுவது?

கீட்டோகோனசோல் 2 சதவீதம் உள்ள ஷாம்பு போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒருநாள் பொறுத்து, எரிச்சல் இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள். நெற்றியை நனைத்து, பட்டாணி அளவு ஷாம்புவை உள்ளங்கையில் நுரைக்க வைத்து, பொரி உள்ள பகுதியிலும் முடிக்கோட்டிலும் மெல்லத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். தடவியவுடன் கழுவிவிட்டால் மருந்து மயிர்க்காலுக்குள் இறங்க நேரமில்லை. 'போட்டேன், பலனில்லை' என்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கண்ணில் படாமல் சாய்ந்து கழுவி, துடைத்து, இலேசான ஈரப்பதக் கிரீமைப் பூசுங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நான்கு வாரம் செய்யலாம். தோல் உரிந்தாலோ எரிந்தாலோ வாரம் இரண்டாகக் குறையுங்கள். அதே வேளை தலையையும் அதே ஷாம்புவால் அலசுங்கள், ஏனெனில் தலையில் பொடுகை வைத்துக்கொண்டு நெற்றியை மட்டும் கவனித்தால் பலன் நிற்காது. ஷாம்பு இல்லாத நாள்களில் இரவில் கீட்டோகோனசோல் கிரீமைத் தடவலாம், அதில் ஸ்டீராய்டு கலக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு.

நான்கு வாரம் சரியாகச் செய்தும் போகவில்லை. அடுத்து என்ன?

இரண்டு வாய்ப்புகள். நோய் வேறாக இருக்கலாம், அல்லது ஈஸ்ட் மயிர்க்காலின் ஆழத்தில் இருப்பதால் மேலே பூசும் மருந்து எட்டாமல் இருக்கலாம். இரண்டுக்கும் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் ஐட்ரகோனசோல் அல்லது ஃபுளூகோனசோல் கொடுப்பார்கள். ஐட்ரகோனசோல் பொதுவாக நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம், ஒன்று முதல் மூன்று வாரம். இதை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கல்லீரல் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐட்ரகோனசோல் ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு சேர்த்தால் ஆபத்து. ஐட்ரகோனசோல் காப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும்; நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது சரியாக உடலில் சேராது, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபைன் மாத்திரை இந்த ஈஸ்டுக்குப் பயன்படாது. வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பது இது. துண்டையும் தலையணையையும் பிரிக்கத் தேவையில்லை.

போய்விடுகிறது, ஆனால் ஒவ்வொரு கோடையிலும் திரும்ப வருகிறது. நிரந்தரமாகத் தீர வழி இல்லையா?

ஈஸ்டை முற்றிலும் ஒழிக்க முடியாது, ஒழித்தாலும் திரும்பக் குடியேறும். திரும்ப வருவது சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை. பொரி அடங்கியபின் வாரம் ஒருமுறை அதே ஷாம்புவை ஐந்து நிமிடம் போடுங்கள். சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் மார்ச் முதல் வெயில் தணியும்வரை வாரம் இருமுறை. உடற்பயிற்சி முடிந்ததும் வியர்வை காயும்வரை காத்திராமல் முகம் கழுவுங்கள். ஹெல்மெட்டின் உள்ளுறையைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயவையுங்கள். கழற்ற முடியாத வகையென்றால் உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அதை நாள்தோறும் மாற்றலாம்.

இத்தனைக்கும் பிறகு அடிக்கடி திரும்பினால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் பொரியோடு காய்ச்சலும் வந்தால் ஷாம்பு போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பொரி எல்லாம் போய்விட்டது. பழுப்புப் புள்ளிகள் மட்டும் நிற்கின்றன. இன்னும் பூஞ்சை இருக்கிறதா?

விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்படாமல், அரிப்பும் இல்லையென்றால் அது அழற்சி விட்டுப்போன கறை மட்டுமே. பூஞ்சை மருந்தை அதற்காக நீட்டத் தேவையில்லை. நம் நிறத் தோலில் இந்தக் கறை மறைய மாதக்கணக்கில் ஆகும். எண்ணெய் பிசுபிசுக்காத ஜெல் வகை சன்ஸ்க்ரீனைக் காலையில் பூசினால் கறை மேலும் கருக்காது. அசெலாயிக் அமில ஜெல் கறையையும் குறைக்கும், பருவுக்கும் நல்லது, கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். கறைக்கென்று கடையில் தரும் மூன்று மருந்துக் கலவைக் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் எழுதித் தராமல் அதை நெற்றியில் வைத்தால் சில வாரங்களில் கறைக்கு மேலேயே புதுப் பொரிகள் எழும்பும்.